முருங்கைக்காய் கோழிக்கால் ஆனது எப்படி?

தமிழிலும் இங்கிலீஷிலும் ஓட்டல் பட்டியல் எழுதும் விதம்

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் அமெரிக்கக் கணவனும் மனைவியும் வெளியே வருகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நல்ல பசி. இருவரும் மாமிசம் தொடாதவர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சைவ ஓட்டல். பலகையைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு உள்ளே நுழைகிறார்கள்.

சர்வர் பட்டியலைக் கொடுக்கிறார். அந்த அம்மாள் படித்துக் கொண்டே வருகிறார். ஒரு வரியில் அவருடைய விரல் நின்று விடுகிறது. முகம் மாறுகிறது. கணவரிடம் காட்டுகிறார். இருவரும் எழுந்து போய் விடுகிறார்கள்.

சர்வருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வரியில் என்ன இருந்தது? 'டிரம்ஸ்டிக் சாம்பார்' என்று இருந்தது. அவ்வளவுதான்!

நம் ஊர் இங்கிலீஷில் டிரம்ஸ்டிக் என்றால் முருங்கைக்காய். அமெரிக்காவில் டிரம்ஸ்டிக் என்றால் கோழியின் கால்! சைவ ஓட்டலில் கோழிக்கால் சாம்பார் போடுகிறார்கள் என்று அவர்கள் எண்ணிக் கொண்டார்கள்.

இங்கிலீஷில் பிழை இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் சொன்னது ஒன்று. அவர்கள் புரிந்து கொண்டது வேறொன்று. பட்டியலைத் தமிழ் தெரிந்தவர் இங்கிலீஷில் எழுதினார். தமிழ்ச் சமையல் தெரியாதவர் அதைப் படித்தார். இந்த இடைவெளியில்தான் எல்லாத் தொல்லைகளும் பிறக்கின்றன.

அந்த ஓட்டல் முதலாளிக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்றும் வைத்துக் கொள்வோம். "அப்பா, பட்டியலை நானே புதிதாக எழுதித் தருகிறேன்" என்கிறாள் அவள். அவள் எப்படி எழுத வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெயரை மாற்றக் கூடாது

முதலில் அகராதியை மூடி வைத்துவிட வேண்டும். பலகாரத்தின் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது.

மதுரையின் பெயர் பெற்ற குளிர்பானம் ஜிகர்தண்டா. 'ஜிகர்' என்றால் ஈரல் அல்லது நெஞ்சு. 'தண்டா' என்றால் குளிர்ச்சி. இதை அப்படியே இங்கிலீஷில் எழுதினால் 'குளிர்ந்த ஈரல்' என்று ஆகும். யார் வாங்கிக் குடிப்பார்கள்?

இட்லியைப் பல ஓட்டல்களில் 'ரைஸ் கேக்' என்று எழுதுகிறார்கள். கேக் என்றதும் வெளிநாட்டார் இனிப்பை நினைப்பார்கள். மேலும், அவர்களுடைய ஊர்க் கடைகளில் ரைஸ் கேக் என்ற பெயரில் வேறொன்று விற்கிறது. அது அரிசிப் பொரியை வில்லையாக அழுத்திய உலர்ந்த தின்பண்டம். அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஆவி பறக்கும் இட்லியை வைத்தால் அவர் விழிப்பார். உளுந்து வடையை 'டோநட்' என்று எழுதுவதும் இதே கதைதான். டோநட் சர்க்கரை தூவிய இனிப்புப் பண்டம். கடித்த பிறகு வாயில் மிளகு அகப்பட்டால் எப்படி இருக்கும்!

ஆகவே, இட்லி இட்லியாகவே இருக்கட்டும். வடை வடையாகவே இருக்கட்டும். வெள்ளைக்காரர்களே பழைய நாளில் அப்படித்தான் செய்தார்கள். நம் 'கறி'யை எடுத்துக் கொண்டார்கள். 'கஞ்சி'யை எடுத்துக் கொண்டார்கள். 'மிளகுத் தண்ணி'யை 'முல்லிகடானி' என்று தங்கள் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக் கொண்டார்கள். எதையும் மொழிபெயர்க்கவில்லை.

(முல்லிகடானி என்றால் தெரியும் என்பதற்காக ரசத்துக்கு அந்தப் பெயரைப் போட்டுவிடக் கூடாது. அவர்கள் ஊரில் அந்த சூப்பில் பெரும்பாலும் கறி இருக்கும்!)

இங்கிலீஷ் எழுத்தில் பெயரை எழுதும்போது ஒரே விதமாக எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் 'தோசா', மறுபக்கத்தில் 'தோசை', மூன்றாவது இடத்தில் வேறு எழுத்துக் கூட்டல் என்று இருந்தால், அவை மூன்று வகைப் பலகாரங்கள் என்று படிப்பவர் நினைத்துக் கொள்வார்.

பெயருக்குக் கீழே ஒரு வரி

பெயரைச் சொல்லியாகி விட்டது. அது என்ன என்று சொல்ல வேண்டாமா? பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், ஒன்று அல்லது இரண்டு வரிகள் போதும். அந்த வரிகள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதனால் செய்தது? எப்படிச் செய்தது? வாயில் வைத்தால் எப்படி இருக்கும்?

இட்லிக்கு அந்தப் பெண் எழுத வேண்டிய இங்கிலீஷ் வரியின் பொருள் இதுதான்: "அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்க வைத்து, ஆவியில் வேக வைத்தது. பஞ்சு போல் மென்மை. காரம் இல்லை. ஒரு தட்டில் 2. சாம்பாரும் சட்னியும் உடன் வரும்."

உளுந்துக்கு இங்கிலீஷில் 'பிளாக் கிராம்' என்று பெயர் உண்டு. ஆனால் அது சாதாரண வெளிநாட்டாருக்குத் தெரியாது. 'லென்டில்' என்று எழுதினால் பருப்பு என்று புரிந்து கொள்வார்கள். சரியான பெயரைவிடத் தெரிந்த பெயர் இங்கே உதவுகிறது.

வடைக்கு: "பருப்பு மாவை எண்ணெயில் பொரித்தது. நடுவில் துளை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. உப்பும் மிளகும் சேர்ந்தது. இனிப்பு அல்ல." அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் முக்கியம்.

ஜிகர்தண்டாவுக்கு: "சுண்டக் காய்ச்சிய குளிர்ந்த பால், நன்னாரி சர்பத், ஊற வைத்த பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். இனிப்பு. மதுரையில் பெயர் பெற்றது." பாதாம் பிசின் வழவழவென்று கண்ணாடி போல் இருக்கும். அது என்னவென்று தெரியாமல் வாயில் போட்டவர் பயந்து விடுவார். அதனால் 'ஜெல்லி போன்றது' என்று ஒரு சொல் சேர்த்துக் கொள்ளலாம்.

'ருசியான', 'அருமையான', 'பாரம்பரியமான' என்ற சொற்களை எல்லாம் அடித்துவிட வேண்டும். அவை இடத்தை அடைக்கின்றனவே தவிர, எதையும் தெரிவிப்பதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷ்காரர்களும் அல்ல. பிரெஞ்சுக்காரர் வருகிறார், ஜெர்மனிக்காரர் வருகிறார், இத்தாலிக்காரரும் வருகிறார். அவர்களுக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சின்னச் சின்னச் சொற்களாக இருந்தால்தான் விளங்கும்.

நம் ஊர் இங்கிலீஷ்

முருங்கைக்காயின் கதையைப் பார்த்தோம். இதே போல் நம் ஊரில் மட்டும் செல்லுபடியாகும் இங்கிலீஷ் சொற்கள் இன்னும் சில இருக்கின்றன.

தயிரை நாம் 'கர்டு' என்கிறோம். இங்கிலாந்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய இனிப்புக்கு 'லெமன் கர்டு' என்று பெயர். 'யோகர்ட்' என்று எழுதினால் உலகம் முழுவதும் விளங்கும். கத்தரிக்காய்க்கு நாம் எழுதும் 'பிரிஞ்சால்' அமெரிக்கருக்குத் தெரியாது. அவர்களுக்கு அது 'எக்பிளான்ட்', இங்கிலாந்தில் 'ஓபர்ஜீன்'. வெண்டைக்காய் 'லேடீஸ் பிங்கர்' அல்ல, 'ஓக்ரா'. பெண்களின் விரலைப் பொரியல் செய்வதாக யாரும் நம்பப் போவதில்லை என்றாலும், சிரித்துவிட்டு வேறு பலகாரத்துக்குப் போய் விடுவார்கள்.

அசைவ ஓட்டலுக்கும் இது பொருந்தும். 'மட்டன்' என்றால் இங்கிலீஷ்காரருக்குச் செம்மறி ஆட்டுக் கறி. சட்டியில் இருப்பது வெள்ளாடு என்றால் 'கோட்' என்றே எழுத வேண்டும். குடல், ஈரல், மூளை இவற்றையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். விரும்பிச் சாப்பிடுகிறவர் தேடி வருவார். பிடிக்காதவர் சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்து கொண்டால் சண்டைதான் வரும்.

காரத்தைச் சொல்வதில் ஒரு சிக்கல். 'ஹாட்' என்ற சொல்லுக்குச் சூடு என்றும் பொருள். காரம் என்றும் பொருள். 'ஸ்பைசி' என்று எழுதுவது மேல். ஆனால், "காரம் குறைத்துத் தரப்படும்" என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிவிடக் கூடாது. காலையில் அண்டாவில் கொதித்த சாம்பாரில் பகல் 12 மணிக்குக் காரத்தைக் குறைக்க முடியுமா? மசால் தோசையில் உள்ளே தடவும் காரச் சட்னியை வேண்டுமானால் விட்டுவிடலாம். எதில் குறைக்க முடியுமோ அதற்கு நேராக மட்டும் எழுத வேண்டும்.

அடுப்படியில் எழுத வேண்டிய பட்டியல்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் ஒரு வாடிக்கை போகும். இனிமேல் சொல்லப் போவதில் தவறினால் ஓர் உயிரே போகலாம்.

சிலருடைய உடம்புக்கு வேர்க்கடலை ஆகாது. பிடிக்காது என்பது அல்ல, ஆகவே ஆகாது. சிறு துளி உள்ளே போனாலும் சில நிமிடங்களில் உதடு தடிக்கும், தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். உடனே வைத்தியம் செய்யாவிட்டால் மரணம் நேரலாம். இதற்கு ஒவ்வாமை என்று பெயர். சிலருக்கு முந்திரியும் பாதாமும், சிலருக்குப் பாலும், சிலருக்கு எள்ளும் இப்படிச் செய்யும். அமெரிக்காவில் 2023 முதல், உணவுப் பொட்டலங்களில் எச்சரித்தே தீர வேண்டிய பொருள்களில் எள்ளும் ஒன்று. நாமோ நல்லெண்ணெயை இட்லிப் பொடியில் குழைத்துச் சாப்பிடுகிறவர்கள்!

அந்தப் பெண் தேங்காய்ச் சட்னிக்கு எழுத உட்காருகிறாள். வீட்டில் அம்மா அரைப்பது அவளுக்குத் தெரியும். தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, உப்பு. அதை அப்படியே எழுதிவிட்டால் போதுமா? போதாது. சரக்கு மாஸ்டரிடம் போய்க் கேட்க வேண்டும்.

"மாமா, சட்னியில் என்னென்ன போடுகிறீர்கள்?"

"தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய்தான் பாப்பா."

"பொட்டுக்கடலை தீர்ந்து போனால்?"

"வேர்க்கடலையை வறுத்துப் போட்டு அரைத்துவிடுவோம். ருசி கூடத்தானே செய்யும்!"

பார்த்தீர்களா? இந்தக் கேள்வியை அவள் கேட்காமல் இருந்திருந்தால், அது பட்டியலில் வந்திருக்காது. என்றோ ஒரு நாள் பொட்டுக்கடலை தீர்ந்து போகும். அன்றைக்கு ஒவ்வாமை உள்ள ஒரு பயணி அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பார்.

தமிழில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நிலத்துக்கு அடியில் விளையும் வேர்க்கடலையும் கடலைதான். கொண்டைக்கடலையும் கடலைதான். பொட்டுக்கடலையும் கடலைதான். பஜ்ஜிக்குக் கரைக்கும் கடலை மாவு கொண்டைக்கடலை இனத்தைச் சேர்ந்த கடலைப்பருப்பிலிருந்து வருவது. ஆனால் கடலை மிட்டாயில் இருப்பது வேர்க்கடலை. பஜ்ஜி பொரியும் கடலை எண்ணெயும் வேர்க்கடலையில் ஆட்டியது. 'கடலை' என்று கண்ட இடத்தில் எல்லாம் ஒரே இங்கிலீஷ் சொல்லைப் போட்டால், சாப்பிடக் கூடியவர் சாப்பிடாமல் போவார். சாப்பிடக் கூடாதவர் சாப்பிட்டு விடுவார். வேர்க்கடலைக்குப் 'பீநட்' என்றும், மற்றவற்றுக்குச் 'சிக்பீ' என்றும் எழுத வேண்டும்.

பெருங்காயமும் இப்படித்தான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாத ஒரு வகை நோயாளிகள் வெளிநாட்டில் நிறைய இருக்கிறார்கள். அரிசிப் பலகாரம்தானே என்று அவர்கள் தென்னாட்டுச் சாப்பாட்டை ஆசையோடு தேடி வருகிறார்கள். சாம்பாரில் கோதுமை இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது! பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

ஆகவே, சரக்கு மாஸ்டருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பலகாரத்துக்கும் உள்ளே போகும் பொருள்களை எழுதிக் கொள்ள வேண்டும். தாளிக்கும் எண்ணெய் எது, மேலே ஊற்றுவது நெய்யா, எது தீர்ந்தால் எதைப் போடுவீர்கள் என்று கேட்க வேண்டும். பிறகு வேர்க்கடலை, முந்திரி வகை, பால், கோதுமை, எள் இவை உள்ள பலகாரத்துக்கு நேராக அந்தப் பெயர்களை இங்கிலீஷில் எழுதிவிட வேண்டும். குறியீடுகள் போட்டுப் பின்பக்கத்தில் விளக்கம் கொடுப்பதைவிட, நேராக எழுதுவதே நல்லது. பின்பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்?

வெண்பொங்கலுக்கு வரி இப்படி வரும்: "அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேக வைத்தது. மிளகு, இஞ்சி, நெய். இனிப்பு அல்ல. உள்ளே: முந்திரி, பால் பொருள்." பாலும் நெய்யும் தொடாத 'வீகன்' கூட்டத்தாருக்கும் இந்த வரியே பதில் சொல்லிவிடும்.

சட்னிக்கு: "வேர்க்கடலை இருக்கலாம்." இன்று இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும். அச்சடித்த பட்டியல் பொட்டுக்கடலை தீர்ந்து போன நாளிலும் உண்மை பேச வேண்டும்.

ஆனால் "வேர்க்கடலை இல்லை" என்று எந்தப் பலகாரத்துக்கும் உறுதி எழுதிக் கொடுக்கக் கூடாது. ஒரே மிக்சி ஜாடியில்தான் எல்லாச் சட்னியும் அரைபடுகிறது. ஒரே வாணலியில்தான் வடையும் பஜ்ஜியும் பொரிகின்றன. இருப்பதைச் சொல்லலாம். இல்லை என்று ஒரு சிறு ஓட்டலால் சொல்ல முடியாது. "ஒவ்வாமை இருந்தால் முன்னதாகச் சொல்லுங்கள். ஒரே அடுப்படியில் எல்லாம் சமைக்கிறோம்" என்று பட்டியலின் தலையில் எழுதி வைத்தால், முடிவு செய்வது அவர் பொறுப்பு. மீறி ஏதேனும் நேர்ந்தால் 108-க்குப் போன் செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு சர்வருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பச்சைப் புள்ளி நமக்குத் தெரியும். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். வெளிநாட்டாருக்கு இது தெரியாது. அவர்களில் பலர் முட்டையும் சைவம் என்று நினைப்பவர்கள். "இங்கே சைவம் என்றால் முட்டையும் இல்லை. பாலும் நெய்யும் உண்டு" என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

இலைச் சாப்பாடு

பட்டியலில் மிகவும் கஷ்டமான வரி 'மீல்ஸ்'. இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குச் சாப்பாடு என்றுதான் பொதுவான பொருள். காலையில் ரொட்டி தின்றாலும் மீல்தான். நம் ஊரிலோ அது ஒரு தனி முறை. இதற்கு மட்டும் நாலைந்து வரிகள் தாராளமாகக் கொடுக்கலாம்.

வாழை இலையில் பரிமாறுவோம். இலை தட்டுக்குப் பதில், தின்பதற்கு அல்ல. சோறு, சாம்பார், ரசம், மோர், பொரியல், கூட்டு, அப்பளம் வரும். முதலில் சாம்பார், பிறகு ரசம், கடைசியில் மோர். சோறும் குழம்பும் கேட்கக் கேட்கப் போடுவோம். அதற்குத் தனிப் பணம் இல்லை. போதும் என்றால் இலைக்கு மேல் கையைக் காட்டினால் போதும். வலக்கையால் சாப்பிடுவது வழக்கம். ஸ்பூன் கேட்டால் தருவோம்.

இன்னும் ஒரு வரி: கறிவேப்பிலையையும் வற்றல் மிளகாயையும் ஒதுக்கி வைத்துவிடலாம். முருங்கைக்காயின் உள் சதையைப் பல்லால் வழித்துத் தின்றுவிட்டுச் சக்கையைப் போட்டுவிட வேண்டும். இது எழுதாத ஓட்டலில், வெளிநாட்டார் முருங்கைக்காயை முழுதாக மென்று விழுங்கப் பார்த்துத் திணறுவதைக் காணலாம்.

விரல் வைக்கும் இடம்

சில ஓட்டல்களில் தமிழ்ப் பட்டியல் தனி அட்டை. இங்கிலீஷ் பட்டியல் தனி அட்டை. இது கூடாது. பயணி இங்கிலீஷ் வரியில் விரலை வைப்பார். சர்வர் அதே வரியில் தமிழைப் படிப்பார். அப்போதுதான் இருவருக்கும் ஒரே பலகாரம் விளங்கும். எனவே ஒரே வரியில் இடப்பக்கம் எண், அடுத்துத் தமிழ்ப் பெயர், அடுத்து இங்கிலீஷ் பெயர், வலக்கோடியில் விலை என்று இருக்க வேண்டும். விளக்கம் அதற்குக் கீழே.

எண் எதற்கு? இன்று மதுரை ஓட்டல்களிலும் வடநாட்டுப் பிள்ளைகள் பரிமாறுகிறார்கள். அவர்களில் சிலருக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. 14 என்றால் எல்லோருக்கும் 14-தான்.

தமிழ் எழுத்துக்கு மேலே விலங்கு சுழியும். கீழே வளைவு நீளும். இங்கிலீஷுக்கு விடும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. அச்சகத்தில் சொல்லி இடைவெளியைக் கூட்ட வேண்டும். பளபளக்கும் உறையைப் போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து மறையும். மங்கலான உறையே நல்லது. விலை வரியோடு சேர்ந்ததா, வரி தனியா என்பதையும் பட்டியலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்லாவில் வந்து தகராறு வேண்டாம்.

முதலில் 10 பிரதிகள்

எழுதி முடித்ததும் 500 அடித்துவிடக் கூடாது. சாதாரணக் காகிதத்தில் 10 பிரதிகள் எடுத்தால் போதும்.

அதை யாரிடம் காட்டிச் சரி பார்ப்பது? இங்கிலீஷ் வாத்தியாரிடம் காட்டினால் அவர் இலக்கணத்தைத்தான் பார்ப்பார். இட்லி என்னவென்று அவருக்கு முன்னமே தெரியும். இட்லியைப் பார்த்தே இராதவரிடம் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஒரு பயணியிடம், பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு விளக்க வரியை மட்டும் படிக்கச் சொல்லி, "என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். இனிப்பா காரமா, சூடா குளிர்ச்சியா, கையில் எடுப்பதா கரண்டியில் எடுப்பதா என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வரி தேறிவிட்டது. இல்லாவிட்டால் திருத்த வேண்டும்.

மற்றொரு வேலையும் உண்டு. ஒரு வாரம் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். பயணிகள் சர்வரிடம் கேட்கும் கேள்விகளை எல்லாம் அதில் எழுதிக்கொண்டே வர வேண்டும். ஒரே கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தால், அதற்குப் பதில் பட்டியலில் இல்லை என்று அர்த்தம். "மோரில் உப்பா, சர்க்கரையா?" என்று வரும். "மசால் தோசைக்குள் என்ன?" என்று வரும். "காபியில் சர்க்கரை இல்லாமல் கிடைக்குமா?" என்பது நிச்சயம் வரும்.

சரக்கு மாஸ்டர் மாறினால், மீண்டும் அடுப்படியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் கைப்பக்குவம் வேறு. அவர் சட்னியில் போடும் கடலையும் வேறாக இருக்கலாம்.